ஒரு கணினி, பல பயனர்: எழுத்துருவை எவருக்காக நிறுவுவது?

கலும்பாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கணினிக்கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்குள்ள விண்டோஸ் கணினியில் ஆசிரியருக்கு ஒரு கணக்கும் மாணவர்க்குப் பொதுவாக ஒரு கணக்கும் உள்ளன. ஆசிரியர் தம் கணக்கில் நுழைந்து, புதிய தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவி, அதிலேயே வினாத்தாளை அமைக்கிறார். மறுநாள் மாணவர் அதே கணினியில் அதே கோப்பைத் திறக்கும்போது எழுத்தின் வடிவம் மாறியிருக்கிறது. ஒரு பக்கத்தில் அடங்கிய வினாத்தாள் இரண்டாம் பக்கத்திற்கு நீள்கிறது. கோப்பும் கெடவில்லை; கணினியும் பழுதாகவில்லை. எழுத்துரு ஆசிரியரின் கணக்கிற்கு மட்டும் நிறுவப்பட்டதே இதற்குக் காரணம்.

முன்னர் விண்டோஸில் எழுத்துருவை நிறுவ நிருவாகியின் இசைவு வேண்டும். நிறுவியபின் அது கணினியின் பயனர் அனைவருக்கும் கிட்டும். 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் இந்நிலை மாறியது. எழுத்துருக் கோப்பைத் திறந்து `Install` என்பதை அழுத்தினால், அது நுழைந்திருப்பவரின் கணக்கிற்கு மட்டுமே சேரும். கோப்பின்மீது வலப்பக்கம் சொடுக்கி `Install for all users` என்பதைத் தேர்ந்தால்தான் அனைவருக்கும் பொதுவாகும். அவ்விரண்டும் சென்று சேரும் இடங்கள் முறையே இவை:

```
%LOCALAPPDATA%\Microsoft\Windows\Fonts
C:\Windows\Fonts
```

முதலாவது, ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனியே அமைந்த அறை, இரண்டாவது, பொதுக்கூடம். மாணவர் கணக்கு ஆசிரியரின் அறைக்குள் தேடுவதில்லை.

ஒருங்குறி எழுத்துருவாயின் இழப்பு வடிவத்தளவில் நிற்கும்; விண்டோஸ் தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவால் அதே சொற்களைக் காட்டிவிடும். ஆனால் பழைய பள்ளி மலர்கள் பல, ஒருங்குறிக்கு முந்திய குறியேற்றங்களில் தட்டெழுதப்பட்டவை. அவற்றுள் தமிழ் எழுத்துக்கு உரிய எண்ணே உரோம எழுத்துக்கும் உரியது. உரிய எழுத்துரு கிட்டாவிடின் திரையில் தமிழே தோன்றாது. குறியிட்ட உரோம எழுத்துகளே வரிசையாய் நிற்கும். கோப்புக் கெட்டதென எண்ணி எவரேனும் அதை அழித்துவிட்டால், அம்மலரையே இழக்க நேரிடும். எனவே, அழிக்குமுன் ஆசிரியரின் கணக்கில் திறந்து பார்த்தல் வேண்டும். அங்குச் சரியாகத் தெரியுமாயின் குறை கோப்பில் இல்லை. நிறுவிய முறையில் உள்ளது.

இதனைத் திருத்துவது எளிது. ஆசிரியர் தம் கணக்கிலுள்ள எழுத்துருவை நீக்கிவிட்டு, இரண்டாம் வழியில் மீண்டும் நிறுவ வேண்டும். அப்போது கணினி நிருவாகியின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். நிறுவிய பின்னர் மாணவர் கணக்கில் நுழைந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. நிறுவியவரின் கணக்கிலேயே சோதித்தால் குறை புலப்படாது.

பிற மென்பொருள்களுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும். வகுப்பு முழுவதற்கும் வேண்டியதை அனைவருக்கும் நிறுவுக. ஒருவர் மட்டும் பழகிப் பார்க்க விரும்புவதை அவர் கணக்கோடு நிறுத்துக. வீட்டுக் கணினியில் பிள்ளை தன் கணக்கில் நிறுவிய விளையாட்டு, பெற்றோரின் கணக்கில் தோன்றாது. எனினும் அப்பிள்ளையின் சொந்தக் கோப்புகளை அம்மென்பொருள் திறக்கவும் அழிக்கவும் இயலும். ஆதலால், ஒருவருக்கென நிறுவியது என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது.