"எப்போது வேலையில் சேரலாம்?" என்ற கேள்விக்கு என்ன பதில்?

சிங்கப்பூரில் வேறு வேலை தேடுபவரைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை முகவர் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்விகள் இரண்டு. "முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு? எந்தத் தேதியில் சேரலாம்?" நியமனக் கடிதம் கையில் இல்லாத நேரத்தில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் பிறகு சங்கடப்படுவோர் பலர்.

இதற்குத் தேதியைவிடக் காலத்தைப் பதிலாகச் சொல்வதே நல்லது. அதற்கு முதலில் தற்போதைய வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். அதில் எழுதியுள்ள முன்னறிவிப்புக் காலமே செல்லும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லையென்றால், வேலை நியமனச் சட்டப்படி கணக்கிடப்படும். 26 வாரத்திற்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஒரு நாள், 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு ஒரு வாரம், 5 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம்.

ஓர் எடுத்துக்காட்டு. கிடங்கு அலுவலர் ஒருவரின் ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு உள்ளது. ஜூன் 2ஆம் தேதி அழைத்த முகவரிடம் "ஜூலை முதல் தேதி சேர்ந்துவிடுவேன்" என்கிறார். நேர்காணல்கள் முடிந்து நியமனக் கடிதம் வருவதோ ஜூன் 20ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை, 23ஆம் தேதி அவர் விலகல் கடிதம் கொடுக்கிறார். கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும் என்பதால் ஜூலை 22 கடைசி நாள். 23ஆம் தேதிதான் புதிய இடத்தில் சேர முடியும். சொன்ன தேதி தவறிவிட்டது. "நியமனக் கடிதம் கிடைத்து, விலகல் கடிதம் கொடுத்ததிலிருந்து ஒரு மாதம்" என்று சொல்லியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

அவருக்கு 6 நாள் ஆண்டு விடுப்பு மீதமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளியிடம் பேசி, அதை முன்னறிவிப்பில் கழித்துக்கொண்டால், வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு ஜூலை 14 கடைசி நாளாகிவிடும். சம்பளமும் அன்றுவரைதான். மறுநாளே புதிய வேலையில் சேரலாம். ஆனால் கழிக்காமல் அந்த நாள்களில் விடுப்பு மட்டும் எடுத்தால், ஜூலை 22 வரை அவர் பழைய நிறுவனத்தின் ஊழியரே. சம்பளம் உண்டு, ஆனால் அதுவரை புதிய வேலையைத் தொடங்க முடியாது.

ஆகவே முகவரிடம் இப்படிச் சொல்லலாம்: "ஒப்பந்தப்படி ஒரு மாதம். கையெழுத்தான நியமனக் கடிதம் கிடைத்த பிறகே விலகல் கடிதம் கொடுப்பேன். விடுப்பைக் கழிக்க முடிந்தால் ஒரு வாரம் முன்னதாக வரலாம். அது இப்போதைக்கு உறுதியில்லை." வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர், புதிய முதலாளிக்கு அனுமதி கிடைக்கும் நாளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவசரம் என்று முகவர் வற்புறுத்தினாலும், "வேலை உறுதிதான்" என்று வாய்மொழியாகச் சொன்னாலும், கடிதம் வரும்முன் விலகுவது கூடாது. புதிய நிறுவனம் மனம் மாறினால், இரண்டு வேலையும் இல்லாமல் போவது அவருக்குத்தான்.