ஓநாயின் வழியில் வந்த நோயாளிக் குட்டி

ஓநாய்க் குட்டியைப் பிடித்து வந்து பாலூட்டி வளர்த்தார்கள், அது நாயாகிவிட்டது என்றுதான் பள்ளிக் கட்டுரைகளில் எழுதுகிறோம். வளர்ப்பு மட்டும் ஓநாயை நாயாக்கிவிடாது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள், பிறந்து சில நாட்களே ஆன ஓநாய்க் குட்டிகளை எடுத்து, இரவு பகலாகக் கூடவே வைத்திருந்து வளர்த்துப் பார்த்தார்கள். கூண்டுக்குள் இருக்கும் இறைச்சியைக் கயிற்றை இழுத்து எடுக்க நாய்களுக்கும் ஓநாய்களுக்கும் பழக்கினார்கள். பிறகு கயிறு அசையாதபடி கட்டிவிட்டார்கள். நாய்கள் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. ஓநாய்களோ பெரும்பாலும் கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தன. மனிதரிடம் பழகிய ஓநாயும் ஓநாய்தான். நாயின் குணம் பிறப்பிலேயே வருவது.

பிறப்பில் வரும் குணம் மாற வேண்டுமானால் தலைமுறைகள் வேண்டும். பனியூழிக் காலத்து வேட்டைக்காரர்களின் முகாம்களைச் சுற்றி எலும்பும் கழிவும் கிடந்திருக்கும். மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத, அதே சமயம் பாய்ந்து கடிக்காத ஓநாய்களுக்கு அது சுலபமான இரை. அவை பிழைத்து, தம்மைப் போன்றவற்றோடு இணைந்து குட்டி போட்டன. நம் வீட்டு நாயின் கதை இப்படித்தான் தொடங்கியது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் இதுவே நம்பும்படி இருக்கிறது.

சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவும் லுத்மிலா துருத்தும் 1959இல் தொடங்கிய சோதனை இதற்கு வலு சேர்க்கிறது. ரோமப் பண்ணையில் வளர்ந்த வெள்ளி நரிகளில், மனிதர் கையை நீட்டும்போது சீறாதவற்றை மட்டும் தேர்ந்து இணை சேர்த்தார்கள். பத்துத் தலைமுறைக்குள் வாலாட்டும், கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காது மடங்கியது, உடலில் வெள்ளைத் திட்டு வந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நரிகள் கனடாவின் பண்ணைகளில் பல தலைமுறை வளர்ந்த கூட்டத்தின் வழிவந்தவை. வெள்ளைத் திட்டு அங்கேயே இருந்தது. ஆகவே உருவ மாற்றத்துக்கு இந்தச் சோதனையை முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. குணம் விரைவில் மாறும் என்பதற்கு நிச்சயம் கொள்ளலாம்.

நாய் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மிகப் பழைய எலும்புகளுள் ஒன்று ஜெர்மனியில் கிடைத்தது. பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில், 1914இல் கல்குவாரித் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஓர் இளம் பெண், கூடவே ஒரு விலங்கின் எலும்புகள். வயது சுமார் 14,000 ஆண்டு. அந்தத் தாடையை முதலில் ஓநாயுடையது என்று எடுத்து வைத்துவிட்டார்கள்; அது நாயுடையது என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிற்காலத்து மரபணு ஆய்வும் அதை நாய்களின் கூட்டத்தில்தான் சேர்த்தது.

அது சுமார் ஏழு மாதக் குட்டி. அதன் பற்களைத் திரும்பவும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுதான் என்னை மிகவும் உலுக்கியது. பல்லின் எனாமல் வளரும் நேரத்தில் கடும் நோய் வந்தால் வளர்ச்சி அங்கே தடைப்பட்டு, குறுக்கே பள்ளக்கோடு விழும். அந்தக் கோடு பல்லில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு நோய் வந்த வயதைச் சொல்லலாம். குட்டிக்கு 19 வாரத்திலிருந்து 23 வாரத்துக்குள் மூன்று முறை கடும் நோய் வந்திருக்கிறது. பெரும்பாலும் டிஸ்டெம்பர். நாய் வளர்ப்பவர்களுக்கு அதன் கொடுமை தெரியும்: காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடைசியில் வலிப்பு. கவனிக்க ஆளில்லாத குட்டி முதல் சுற்றிலேயே செத்திருக்கும். யாரோ அதற்குத் தண்ணீர் கொடுத்து, கழுவிவிட்டு, வாரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத உயிர் அது. உபயோகம் கருதியே மனிதன் நாயை வைத்துக்கொண்டான் என்று சொல்பவர்கள் இந்தப் பற்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உடலின் உள்ளே நடந்த மாற்றங்களில் ஒன்று வெகுகாலம் கழித்து, உழவோடு வந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் பொதுவாக 2 பிரதிகள்தான் இருக்கும். பல நாய் இனங்களில் அது 4 முதல் 30 வரை இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். நம் தெருநாய் சோற்றைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள இதுவே துணை. தானியம் விளையாத ஆர்க்டிக் பகுதியில் சீல் வேட்டைக்காரர்களோடு வாழ்ந்த ஸ்லெட்ஜ் நாய்களிடமும், ஆஸ்திரேலியாவின் டிங்கோவிடமும் இந்தப் பெருக்கம் மிகக் குறைவு. டிங்கோவிடம் ஓநாயைப் போலவே இரண்டுதான்.