சில்லர் நின்றால் சர்வருக்கு என்ன ஆகும்? சிட்னியில் நடந்தது இதுதான்

மின்னல் விழுந்தது சுமார் 29 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் சூடாகி பழுதானது மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டருக்குள் இருந்த கருவிகள். அது எப்படி?

2023 ஆகஸ்ட் 30. சிட்னியில் மாலை 6.41 மணி, நமக்கு பிற்பகல் 2.11. மின்னலால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. சர்வர்கள் தொடர்ந்து ஓடின. ஆனால், தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் சில்லர்கள் நின்றுவிட்டன. அவற்றில் 13 தானாக மீண்டும் இயங்கவில்லை.

பாதிக்கப்பட்ட இரண்டு சர்வர் கூடங்களுக்கு மொத்தம் 7 சில்லர்கள். ஐந்து ஓட்டத்தில், இரண்டு மாற்றாக. ஓடிய ஐந்தும் நின்றன. மாற்றாக இருந்ததில் ஒன்று மட்டுமே தாக்குப்பிடித்தது.

கையால் போட்டுவிடலாமே?

அதைத்தான் செய்தார்கள். அன்று இரவுப் பணியில் இருந்தது மூன்று பேர். மொட்டை மாடிக்குப் போய், ஒவ்வொரு கட்டடமாக சில்லர்களை இயக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி ஐந்தை நெருங்கியபோது, அவற்றின் குழாய்களில் இருந்த தண்ணீர் ரொம்பவே சூடாகியிருந்தது. அவ்வளவு சூடான தண்ணீர் வந்தால் சில்லரே பழுதாகும் என்பதால், அதன் பாதுகாப்பு அமைப்பு இயங்க அனுமதிக்காது.

இங்குதான் சிக்கல். தண்ணீர் குளிர்ந்தால்தான் சில்லர் ஓடும். சில்லர் ஓடினால்தான் தண்ணீர் குளிரும். சர்வர்களோ நிமிடத்துக்கு நிமிடம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன.

எப்படி மீண்டார்கள்?

வெப்பத்தின் ஊற்றையே அடைத்தார்கள். இந்திய நேரப்படி மாலை 5.04 மணிக்கு, வெப்ப எச்சரிக்கைகளை அடுத்து அந்தக் கூடங்களில் சர்வர்களும் சேமிப்பகங்களும் நிறுத்தப்பட்டன. சுமை குறைந்ததும் தண்ணீர் குளிர்ந்தது, சில்லர்கள் ஓடின.

ஆனால் எல்லாக் கருவிகளும் எழவில்லை. வெப்பத்தில் பழுதான சேமிப்பகங்களில் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி பொருத்தி, எது கெட்டது என்று தேட வேண்டியிருந்தது. சில்லர்களைவிட இதற்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது.

பிறகு, இரவுக் குழுவை மூன்றிலிருந்து ஏழு பேராக்கியது நிறுவனம். வரிசைப்படி போகாமல், அதிக வெப்பச் சுமை உள்ள சில்லரை முதலில் இயக்கும் வழியையும் ஆராய்வதாகச் சொன்னது.

உங்கள் அலுவலக சர்வர் அறைக்கு?

அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். இது சர்வர் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை. அதனால் சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள், சர்வரின் முன்பக்கத்தில் அளந்து பாருங்கள். ஏசி நின்றால் எந்த சர்வரை முதலில் அணைப்பது, எத்தனை டிகிரியில் அணைப்பது என்பதை இன்றே எழுதி வையுங்கள். ஏசியைச் சரிசெய்யும்வரை எல்லாம் ஓடட்டும் என்று விட்டால், தண்ணீர் சூடாகும்வரை காத்திருந்த அதே கதைதான்.