கரி சொல்லும் காலமும் குகை சொல்லாத காரணமும்

பழங்கற்கால மனிதன் இருண்ட குகைகளின் உட்புறத்திலே விலங்குகளை ஏன் எழுதினான் என்னும் வினாவுக்கு விடைகூற முயன்றோர் பலர். அவ்விடைகள் ஒவ்வொன்றும், வெளிப்படையாகவோ மறைவாகவோ, இன்னொரு வினாவுக்குரிய விடையின்மீது எழுப்பப்பட்டவை. அவ்வோவியங்கள் எப்போது எழுதப்பட்டன என்பதே அவ்வினா. காலக்கணிப்பு மாறியபோது காரணங் கூறிய கொள்கையும் ஆட்டங் கண்டது. பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலுள்ள சோவே குகையின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஸ்பெயின் தேசத்து அல்தமிரா குகையின் கூரையிலே காட்டெருதுகள் தீட்டப்பட்டிருப்பதை 1879ஆம் ஆண்டிற் கண்டவள் மரியா என்னும் எட்டு வயதுச் சிறுமி. அவள் தந்தையாராகிய மார்செலினோ டி சவுத்துவோலா அவை பழங்கற்காலத்தவை என்று அடுத்த ஆண்டு நூலெழுதி வெளியிட்டார். அறிஞர் உலகம் அவரை நம்பவில்லை. காட்டுமிராண்டியென்று கருதப்பட்ட மனிதனிடத்தில் இத்தகைய கைத்திறன் இருத்தல் கூடாது என்பதே அக்கால அறிஞர்களின் எண்ணம். அவர் 1888இல் இறந்தார். அவரை மறுத்தோருள் முதன்மையானவராகிய எமில் கர்த்தெய்யாக், பிரான்சிலும் இத்தகைய குகைகள் வெளிப்பட்டபின், 1902ஆம் ஆண்டிலே தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார்.

ஓவியங்களின் தொன்மை ஏற்றுக்கொள்ளப்பட்டவுடனே காரணம் தேடும் முயற்சி தொடங்கிற்று. 1903இல் சலமோன் ரெய்னாக் என்பார் வேட்டை மந்திரக் கொள்கையை முன்வைத்தார். விலங்கின் உருவை எழுதுதல் அவ்விலங்கைத் தன்வசப்படுத்துதற்குச் சமம் என்று வேடன் நம்பினான் என்பது இதன் சாரம். குகையோவிய ஆய்விலே நெடுங்காலம் தலைமை பெற்றிருந்த ஆன்றி புரோய் பாதிரியாரும் இதனைத் தழுவினார். மக்கள் வாழாத ஆழ்ந்த இருட்டறைகளில் ஓவியங்கள் இருப்பதும், சில விலங்குகளின் உடலிலே அம்புபோன்ற கோடுகள் காணப்படுவதும் இக்கொள்கைக்கு அரண் செய்தன.

ஆயின், வேடன் உண்டதும் ஓவியன் எழுதியதும் ஒன்றாக இருக்கவில்லை. 1940ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட லஸ்கோ குகையிலே கிடைத்த எலும்புகளிற் பெரும்பாலானவை பனிமானுடையவை. ஆனால், அக்குகையின் நூற்றுக்கணக்கான உருவங்களிடையே பனிமான் என்று துணியத்தக்கது ஒன்றே ஒன்றுதான். குதிரையும் எருதும் மானுமே சுவரை நிறைக்கின்றன. உணவுக்காக எழுதினானெனின், உண்ணும் விலங்கை ஏன் விடுத்தான்?

இந்த இடர்ப்பாட்டினின்றும் பிறந்ததே அந்திரே லெர்வா-கூரானின் கொள்கை. அவர் அறுபதுக்கு மேற்பட்ட குகைகளை ஆராய்ந்து, எவ்விலங்கு எவ்விடத்தில் எதனருகே எழுதப்பட்டுள்ளது என்று கணக்கெடுத்தார். குதிரையும் காட்டெருதும் குகையின் நடுப்பகுதியிலே இணையாக வருகின்றன. காண்டாமிருகம், சிங்கம், கரடி ஆகியவை ஓரங்களிலும் கடைக்கோடியிலும் அருகி வருகின்றன. எனவே குகை முழுவதும் ஒரே திட்டத்தில் அமைந்தது என்றும், அத்திட்டம் ஆண்மை பெண்மை என்னும் இருமையைக் குறிப்பது என்றும் அவர் கருதினார்.

இக்கொள்கையோடு ஒரு கால வரிசையையும் அவர் வகுத்தார். 1965இல் வெளிவந்த அவரது பெருநூல், தொடக்கத்தில் விறைப்பான எளிய கோடுகளாயிருந்த கலை, படிப்படியாக வளர்ந்து, இற்றைக்கு ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் உயிர்த்துடிப்புள்ள உருவங்களாய் முதிர்ந்தது என்று நான்கு நடைகளாக அதனைப் பகுத்தது. நூலின் நடையைக்கொண்டு அதன் காலத்தைத் துணியும் முறை நம் இலக்கிய மாணவருக்குப் புதிதன்று. அம்முறையின் இடுக்கணும் அவர்கள் அறிந்ததே. எளியது முந்தியது, திருந்தியது பிந்தியது என்று முதலிலே கொண்டுவிட்டால், அவ்வாறு அடுக்கிய வரிசையே அக்கொள்கைக்குச் சான்றாகி நிற்கும். வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வராதவரை அவ்வட்டத்தை உடைக்க இயலாது.

1994ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி, ஆர்தேஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே ஜான்-மரி சோவேயும் அவர் தோழர் இருவரும் ஒரு குகையினுட் புகுந்தனர். உள்ளே நானூற்றுக்கு மேற்பட்ட விலங்குருவங்கள் இருந்தன. சுவரைச் சுரண்டி வெண்மையாக்கி, அதன்மேற் கரியால் எழுதி, விரலால் தேய்த்து நிழல் காட்டியிருந்தனர். சிங்கங்கள் கூட்டமாய் இரையை நோக்கி நிற்கின்றன. இரு காண்டாமிருகங்கள் எதிரெதிரே நின்று பொருகின்றன. நடையைக்கொண்டு துணிவதாயின் இவை இறுதிக் காலத்தவை என்றே எவரும் கூறுவர்.

இவ்வோவியங்கள் கரியால் எழுதப்பட்டிருந்தமை ஆய்வாளருக்கு நற்பேறாயிற்று. உயிருள்ள மரம் காற்றிலிருந்து காபனைப் பெறும்போது, காபன் 14 என்னும் கதிரியக்க வகையையும் சிறிதளவு பெறுகின்றது. மரம் இறந்தபின் இது புதிதாகச் சேர்வதில்லை. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. எஞ்சியதை அளந்தால் மரம் இறந்த காலம் தெரியும். முன்னாளில் இதற்குப் பெருமளவு கரி வேண்டியிருந்தமையால் ஓவியத்தைச் சிதைக்காமல் அளத்தல் அரிதாயிருந்தது. துகள்களை முடுக்கி அணுக்களையே எண்ணும் கருவி வந்தபின், கத்திமுனையாற் சுரண்டிய சில மில்லிகிராம் கரியே போதுமானதாயிற்று.

1995இல் வெளியான முடிவு அறிஞரைத் திகைக்கச் செய்தது. பொரும் காண்டாமிருகங்களின் கரி 30,000 முதல் 32,000 வரையான காபன் ஆண்டுகளைக் காட்டிற்று. காற்றிலுள்ள காபன் 14இன் அளவு எக்காலத்தும் ஒரே சீராக இருந்ததன்று. அதற்கேற்பத் திருத்திப் பார்த்தால் மேலெல்லை இற்றைக்கு ஏறத்தாழ 36,000 ஆண்டுகள் ஆகின்றது. நடை வரிசை கூறிய காலத்தைப்போல் இது இரு மடங்கிற்கும் மேலானது.

கரியில் அழுக்குக் கலந்திருக்கலாம் என்று ஐயுற்றோர் உளர். இவ்வையத்தை ஒரு சிறு கணக்காற் சோதிக்கலாம். 32,000 ஆண்டுப் பழமையான கரியிலே தொடக்கத்திலிருந்த காபன் 14இல் நூற்றுக்கு இரண்டு பங்கே எஞ்சியிருக்கும். அதனோடு நூற்றுக்கு ஒரு பங்கு இக்காலக் காபன் கலந்தால், எஞ்சியது மூன்று பங்காகத் தோன்றும். கரி ஏறக்குறைய 3,000 ஆண்டு இளமையானதாகக் காட்டும். ஆகவே புதிய அழுக்கு வயதைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. வயதைக் கூட்டவல்லது காபன் 14 முற்றும் அழிந்த பழங்காபனே. 15,000 ஆண்டுக் கரியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு எஞ்சியிருக்கும். அது இரண்டு பங்காகத் தோன்றவேண்டுமெனின், அளந்த பொருளில் எட்டில் ஏழு பங்கு பழங்காபனாய் இருத்தல் வேண்டும். அத்துணைக் கலப்பு வேதியியற் சுத்திகரிப்பினின்றும் தப்புதல் அரிது.

இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. கணிக்கப்படுவது மரம் இறந்த காலமேயன்றி ஓவியன் கை அசைந்த காலமன்று. முன்னோர் விட்டுச்சென்ற கரியைப் பின்னே வந்தவன் பொறுக்கி எழுதியிருக்கலாமன்றோ? இதற்கு விடை ஓவியத்தின் மேலே கிடைத்தது. சில ஓவியங்களின்மீது மெல்லிய சுண்ணப்படிவு படர்ந்துள்ளது. அப்படிவின்மேல் யாரோ தீப்பந்தத்தைத் தட்டிய கரித்தடம் இருக்கின்றது. அத்தடத்தின் காலம் 26,000 காபன் ஆண்டுகள். அடியிலுள்ள ஓவியம் அதற்கும் முந்தியதாதல் வேண்டும். குகைவாயிலை மூடிய பாறைச் சரிவும் இதற்குத் துணைநிற்கின்றது. பாறை பெயர்ந்து புதிதாய் வெளிப்பட்ட முகத்திலே விண்கதிர் தாக்கி உண்டாக்கும் குளோரீன் 36இன் அளவைக்கொண்டு, வாயில் முற்றும் அடைபட்டது இற்றைக்கு ஏறக்குறைய 21,500 ஆண்டுகளுக்கு முன் என 2012இற் கணித்தனர். அதன்பின் ஓவியர் எவரும் உள்ளே சென்றிருக்க முடியாது. 2016இல் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கணிப்புகளைத் தொகுத்தபோது, மனிதர் இருமுறை அக்குகையைப் பயன்படுத்தினர் என்பது புலனாயிற்று. முதன்முறை 37,000 முதல் 33,500 ஆண்டுகளுக்கு முன். இரண்டாம்முறை 31,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முன்.

இதனால், எளிமையிலிருந்து செம்மைக்கு நேர்கோட்டில் ஏறிய நடை வரிசை நிலைகுலைந்தது. மிகப் பழைய குகைகளுள் ஒன்றிலேயே மிகத் திருந்திய கலை நிற்கின்றது. ஓரத்துக்குரியவை என்று லெர்வா-கூரான் ஒதுக்கிய சிங்கமும் காண்டாமிருகமும் இங்கே பெருஞ்சுவர்களை ஆள்கின்றன. அவர் கண்ட ஒழுங்கு, சில குகைகளுக்கு உண்மையாயினும், எல்லாக் காலத்துக்கும் பொதுவான இலக்கணமன்று. வேட்டை மந்திரமும் இங்கே தடுமாறுகின்றது. அக்காலத்து மக்கள் சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் உணவாகக் கொண்டு வாழ்ந்தவரல்லர்.

அண்மைக் காலத்திற் பெரிதும் பேசப்பட்டது மூன்றாவதொரு கொள்கை. தென்னாபிரிக்க அறிஞராகிய டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ், சான் மக்களின் பாறையோவியங்களை அம்மக்களிடமிருந்து பெற்ற பழைய வாய்மொழிக் குறிப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். வெறியாடும் பூசாரி தன்னை மறந்த நிலையிற் காணும் புள்ளிகளும் வலைக்கோடுகளும் விலங்குருவங்களுமே ஓவியமாகின்றன என்று அவர் கருதினார். சோவே ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஜான் குளொத்துடன் சேர்ந்து 1996இல் எழுதிய நூலிலே, ஐரோப்பியக் குகைகளுக்கும் இதனைப் பொருத்தினார். குகைச்சுவர் மறுவுலகைப் பிரிக்கும் திரை. விலங்குகள் அதனூடே வெளிவருகின்றன என்பது அவர்கள் கருத்து. சுவரின் புடைப்பையே விலங்கின் தோளாக ஓவியர் பயன்படுத்தியிருப்பது இதனோடு இயைகின்றது. ஆயினும், பாறையின் வளைவைப் பயன்கொள்வதற்குக் கலைஞனுக்கு வெறியாட்டு வேண்டுவதில்லை. மேலும், சான் மக்களின் வாய்மொழி பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தது. சோவே ஓவியங்களோ வேறொரு கண்டத்தில், முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் உள்ளவை. இவ்விடைவெளியைக் கடக்கப் பாலம் எதுவுமில்லை.

சோவே குகையின் ஓர் அறையில், விழுந்து கிடக்கும் கற்பாளத்தின்மேல் குகைக்கரடியின் மண்டையோடு ஒன்று இருக்கின்றது. அதனை அங்கே வைத்தது ஏதோ ஒரு சடங்கு என்று கூறத் தோன்றும். ஆயின் சுவரெழுதியவரே அதனை வைத்தாரா, ஆயிரக்கணக்கான ஆண்டுகளின்பின் வந்தவர் வைத்தாரா என்று முதலில் அறிதல் வேண்டும். அக்குகையின் இரு காலங்களுக்கும் இடையே குறைந்தது 2,500 ஆண்டு இடைவெளி உண்டு. திருக்குறள் தோன்றிய நாள்முதல் இன்றுவரை சென்ற காலத்தினும் அது நீண்டது. அவ்விரு காலத்தாரும் ஒரே கருத்தோடு அங்கே நுழைந்தனர் என்று கொள்ளுதற்குக் காரணம் யாதுமில்லை.

ஆதலால் ‘குகையோவியம் ஏன் எழுதப்பட்டது’ என்று ஒருமையிற் கேட்பதே பொருந்தாமற் போகலாம். இச்சுவரில், இவ்வுருவம், இக்காலத்தில் எழுதப்பட்டது என்று தனித்தனியே துணிந்தபின்னரே, அவ்வவற்றின் காரணத்தை ஆராய்தல் முறையாகும். சோவேயிற் கரி இருந்தமையால் அது கைகூடிற்று. காவியாலும் செதுக்குக் கோடுகளாலும் ஆன உருவங்களிலே காபன் இல்லை. அவற்றின்மேற் சுண்ணப்படிவு படர்ந்திருந்தால் மட்டுமே, அப்படிவிலுள்ள யுரேனியம் தோரியமாய் மாறிய அளவைக்கொண்டு, அவை இதற்குப் பிந்தியவையல்ல என்று கூற முடியும். எஞ்சிய எண்ணிறந்த உருவங்கள் இன்னும் வயது தெரியாமலே சுவர்களில் நிற்கின்றன.