பூங்கொத்தின் அடக்க விலை

சென்னை பாரிமுனை பக்கத்து மொத்தக் கடைகளில் தொங்கும் செயற்கைப் பூங்கொத்துகளும் கூந்தல் கிளிப்புகளும் பல நேரம் சீனாவின் யிவு நகரத்துச் சந்தையிலிருந்து, நிங்போ துறைமுகம் வழியாக வருபவை. சிறு வியாபாரிக்கு முழு கன்டெய்னர் தேவைப்படாது. நாலைந்து பேர் சரக்கோடு சேர்த்து, தன் பங்குக்கு இடம் பிடித்துக்கொள்வார். இதை எல்சிஎல் என்பார்கள். வந்து இறங்கிய பிறகு ஒரு பூங்கொத்து தனக்கு என்ன அடக்கம் என்று அவர் போடும் கணக்கில்தான் லாபமும் நஷ்டமும் முடிவாகின்றன. அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்று ஒரே ஒரு சரக்கை வைத்துப் பார்ப்போம்.

10,000 கிளிப், ஒன்று 20 சென்ட். 2,000 பூங்கொத்து, ஒன்று 1 டாலர். இரண்டுக்கும் தலா 2,000 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிங்போவில் கப்பல் ஏறும்வரை சரக்கின் விலை 3,60,000 ரூபாய். கப்பல் கூலி 36,000, இன்ஷூரன்ஸ் 4,000. ஆக மொத்தம் 4,00,000. சுங்கத் துறை வரி போடுவது இந்தத் தொகையின்மேல்தான், வெறும் பில் தொகையின்மேல் அல்ல. கப்பல் கூலிக்கு ரசீது காட்ட முடியாவிட்டால், சரக்கு விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகவும் 1.125 சதவீதத்தை இன்ஷூரன்ஸாகவும் விதிப்படி கூட்டிக்கொள்வார்கள். நம் சரக்குக்கு அப்படிப் போட்டால் கூலி மட்டும் 72,000 ஆகிவிடும். ஆகவே ஃபார்வர்டரிடம் கூலி ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வரி விகிதம் பொருளின் எச்எஸ் எண்ணைப் பொறுத்து மாறும். நம் கணக்குக்கு இரண்டு பொருளுக்கும் அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று கொள்வோம். நாலு லட்சத்தில் 20 சதவீதம் 80,000. அந்த 80,000-இல் 10 சதவீதம், அதாவது 8,000, சமூக நலக் கூடுதல் வரி. இதுவரை சேர்த்து 4,88,000. ஐஜிஎஸ்டி இந்த 4,88,000-இன்மேல் கணக்கிடப்படும். அது 87,840. பில் ஆஃப் என்ட்ரியில் கட்டச் சொல்லும் மொத்த வரி 1,75,840 ரூபாய். 20-ம் 18-ம் 38 என்று மனக்கணக்குப் போட்டுப் பணம் புரட்டியவர் இங்கே 43.96 சதவீதத்தைப் பார்த்துத் திகைத்துப்போவார்.

ஆனால் இந்தத் தொகை முழுவதும் அடக்கத்தில் சேராது. ஜிஎஸ்டியில் முறையாகப் பதிவு செய்து, வரி வசூலித்து விற்பவருக்கு ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும். அது கையைவிட்டுப் போன செலவு அல்ல, சில மாதம் முடங்கிக் கிடக்கும் பணம். அதை அடக்கத்தில் ஏற்றி, அதற்கு மேல் லாபம் வைத்து, பில்லில் மறுபடி ஜிஎஸ்டியும் போட்டால், அதே பொருளை இறக்கிய அடுத்த கடைக்காரரோடு போட்டி போடவே முடியாது. ஆண்டுக் கடைசியில் இருப்புச் சரக்கின் மதிப்பும் புத்தகத்தில் வீங்கி நிற்கும். இந்த வரவு ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்திருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். பில் ஆஃப் என்ட்ரியில் ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் அங்கே வராது. கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் கதை வேறு. அவருக்கு வரவு கிடையாது. அந்த 87,840 முழுக்க அவருக்கு அடக்கம்தான். இறக்குமதி தொடங்குமுன் அந்தத் திட்டம் தனக்கு ஒத்துவருமா என்று அவர் யோசிக்க வேண்டியது இதனால்தான்.

துறைமுகத்திலிருந்து கடைவரை இன்னொரு செலவு. சரக்கைப் பிரித்து இறக்கும் கூலி, டெலிவரி ஆர்டர், கஸ்டம்ஸ் புரோக்கர், லாரி எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக 60,000 என்று வைப்போம். எல்சிஎல்லில் கப்பல் கூலி மலிவாகத் தெரிந்தாலும், இறங்கும் இடத்துக் கட்டணம் அதைவிட அதிகமாவது சகஜம். கூலி பேசும்போதே இதையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இப்போது மொத்த அடக்கம் 5,48,000.

அநேகம் பேர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். கிளிப்புக்கும் பூங்கொத்துக்கும் பில் மதிப்பு ஒன்றுதானே என்று செலவைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 2,74,000. கிளிப் ஒன்றுக்கு 27 ரூபாய் 40 காசு, பூங்கொத்துக்கு 137 ரூபாய்.

இந்தச் சரக்கு பிடித்த இடம் 10 கன மீட்டர். அதில் கிளிப் பெட்டிகள் 1 கன மீட்டர், காற்றடைத்ததுபோல் இருக்கும் பூங்கொத்துப் பெட்டிகள் 9. எல்சிஎல் கூலி எடையிலும் கன அளவிலும் எது அதிகமோ அதற்குத்தான் போடுவார்கள். லேசான பொருளுக்கு இடம்தான் காசு. வரியையும் இன்ஷூரன்ஸையும் மதிப்புப்படி பிரிப்பது சரி, பில் ஆஃப் என்ட்ரியிலும் அப்படித்தான் பிரியும். கப்பல் கூலியும் இறக்குச் செலவும் இடத்தைப் பொறுத்தே பிரிய வேண்டும். (புரோக்கர் கூலி ஒரு என்ட்ரிக்கு இவ்வளவு என்று வருவது. அதை மதிப்புப்படி பிரித்தாலும் குற்றமில்லை. எளிமைக்காக இங்கே சேர்த்தே விடுகிறேன்.)

அப்படிப் பிரித்தால் கிளிப்புக்கு விலை 1,80,000, கப்பல் கூலி 3,600, இன்ஷூரன்ஸ் 2,000, வரி 44,000, இறக்குச் செலவு 6,000. மொத்தம் 2,35,600, ஒன்று 23 ரூபாய் 56 காசு. பூங்கொத்துக்கு விலையும் இன்ஷூரன்ஸும் வரியும் அதே அளவு. கப்பல் கூலி 32,400, இறக்குச் செலவு 54,000. மொத்தம் 3,12,400, ஒன்று 156 ரூபாய் 20 காசு.

முதல் கணக்கை நம்பி 15 சதவீதம் லாபம் வைத்தவர் பூங்கொத்தை 157 ரூபாய் 55 காசுக்கு விற்பார். கையில் நிற்பது ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. அதே 15 சதவீதத்தில் கிளிப்பை 31 ரூபாய் 50 காசு என்பார். சரியாகக் கணக்குப் போட்டவர் 27 ரூபாய்க்குத் தருவார். ஆகவே பூங்கொத்து பறந்துபோகும், கிளிப் தேங்கும். ‘பூங்கொத்துதான் ஓடுது’ என்று அடுத்த முறை அதையே இரட்டிப்பாக வரவழைப்பார். விற்பனை ஏறிக்கொண்டே போய்க் கையில் காசு தங்காத கடைகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பிரிப்பைத்தான்.

சேதாரத்தையும் மறக்கக் கூடாது. 2,000 பூங்கொத்தில் 40 நசுங்கி வருவது வழக்கம் என்றால் 3,12,400-ஐ 1,960-ஆல் வகுக்க வேண்டும். அடக்கம் 159 ரூபாய் 39 காசு ஆகிவிடும். மேலே சொன்ன 157.55-க்கு விற்றவர் இப்போது நஷ்டத்தில் இருக்கிறார். ஆனால் கன்டெய்னரில் தண்ணீர் புகுந்து பாதி போனால், அந்த நஷ்டத்தை மிச்சச் சரக்கின் தலையில் ஏற்றக் கூடாது. அது அந்த ஆண்டின் நஷ்டமாகத் தனியே எழுத வேண்டியது. காகிதம் தாமதமானதால் வரும் டெமரேஜும் அப்படியே. பில் ஆஃப் என்ட்ரியைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் 10,000 ரூபாய் என்று சுங்கத் துறை தாமதக் கட்டணம் விதிக்கும். மூன்றே நாளில் 15,000 போய்விடும். இதைச் சரக்கு விலையில் ஒளித்துவைத்தால், தவறு எங்கே நடந்தது என்பதே கண்ணில் படாது.

டாலர் விலையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வரிக்கு எடுத்துக்கொள்வது சுங்கத் துறை அறிவிக்கும் மாற்று விகிதம். சப்ளையருக்கு முன்பணமும் பாக்கியும் நீங்கள் அனுப்பியது அந்தந்த நாள் வங்கி விகிதத்தில். பில் ஆஃப் என்ட்ரியில் இருக்கும் ரூபாய்த் தொகையை அப்படியே கொள்முதல் விலையாக எழுதிவிடாமல், வங்கிக் கணக்கில் உண்மையில் கழிந்த தொகையை எடுக்க வேண்டும்.

இருப்புப் புத்தகத்தில் இந்தச் சரக்கு அதன் அடக்கத்திலேயே நிற்கட்டும். விலைச் சீட்டு எழுதும்போது மட்டும் அடுத்த சரக்குக்கு ஃபார்வர்டர் சொல்லும் கூலியையும் அன்றைய டாலரையும் வைத்து இதே கணக்கை இன்னொரு முறை போட வேண்டும். கூலி இரட்டிப்பானால் கிளிப்புக்குக் கூலியில் 36 காசுதான் ஏறும். பூங்கொத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் ஏறும், அதன்மேல் இரண்டுக்கும் வரியும் ஏறும்.