சுட்டவர்கள் எங்கே போனார்கள்?

1975 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளையர் ஆட்சியிலிருந்த ரொடீசியாவில், தலைநகர் சாலிஸ்பரியின் ஹைஃபீல்டு பகுதியில் ஆப்பிரிக்க தேசியப் பேரவைத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். திரண்டிருந்த கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. பதினோரு பேர் செத்துப்போனதாக முதலில் தகவல் வந்தது.

மறுநாள் லண்டன் ‘டைம்ஸ்’ தலைப்பின் சாரம் இது: ‘கலகம் செய்த கறுப்பர்கள் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர்’. ‘கார்டியன்’ தலைப்போ, சாலிஸ்பரி கலவரத்தில் போலீஸ் 11 பேரைச் சுட்டுக்கொன்றது என்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர் டோனி ட்ரூ. 1979-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு, செய்தியின் மொழியில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சொல்லாடல் பகுப்பாய்வுத் துறைக்கு வழிகாட்டிய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று.

‘கார்டியன்’ செய்வினையில் எழுதியதால் சுட்ட போலீஸ் முதலிலேயே வந்து நிற்கிறது. ‘டைம்ஸ்’ செயப்பாட்டு வினைக்குப் போனதும் செத்தவர்கள் முன்னே வந்துவிட்டார்கள். அதுவும் சும்மா வரவில்லை. ‘கலகம் செய்த’ என்ற அடைமொழியோடு வந்தார்கள். ஏன் சுட்டார்கள் என்று வாசகர் கேட்பதற்குள் பதில் கிடைத்துவிடுகிறது. போலீஸ் இருக்கிறது, ஆனால் பின்வரிசையில்.

அடுத்த நாள் அதுவும் போயிற்று. ‘டைம்ஸ்’ தொடர்செய்தியில் ‘13 ஆப்பிரிக்கர்கள் கொல்லப்பட்ட கலவரம்’ என்ற பொருளில் ஒரு தொடர் வருகிறது. செய்தியின் கவனம் பேரவைக்குள் விழுந்த பிளவுக்கு நகர்ந்துவிட்டது. துப்பாக்கியும் இல்லை, அதைப் பிடித்த கையும் இல்லை. கலவரமே ஆட்களைக் கொன்றது போலத் தோன்றுகிறது. இத்தனைக்கும் அச்சில் ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் வைப்பது தனிக் கதை. ‘கார்டியன்’ கூட ‘கலவரம்’ என்றுதான் எழுதியது. செய்வினையில் எழுதிவிட்டதால் மட்டும் ஒரு செய்தி நடுநிலையாகிவிடாது. தான்சானியாவின் ‘டெய்லி நியூஸ்’ பார்வையில் சுட்டது வெள்ளை ஆதிக்கவெறி போலீஸ், செத்தவர்கள் நிராயுதபாணிகள். அதிலும் சார்பு உண்டு, ஆனால் ஒளிவுமறைவு இல்லை.

எல்லாச் செயப்பாட்டு வினையையும் சந்தேகிப்பது அபத்தம். ‘திருடன் கைது செய்யப்பட்டான்’ என்றால் கைது செய்தது யார் என்று ஊருக்கே தெரியும். செய்தவர் தெரிந்திருந்தும், அவர் செய்ததுதான் விவகாரமே என்னும்போது அவர் காணாமல்போனால்தான் நின்று பார்க்க வேண்டும். தமிழ்த் தலைப்புகளுக்குச் செயப்பாட்டு வினைகூடத் தேவையில்லை. ‘துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் பலி’ என்று முடித்துவிடலாம்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், இல்லாததற்கு அடிக்கோடிட முடியாதே. அதே நிகழ்ச்சியை வேறு இரண்டு பத்திரிகைகளில் படித்துப் பார்ப்பதுதான் நடைமுறை வழி. அப்படிப் பார்த்தாலும் நிருபரின் உள்நோக்கம் தெரியாது. இடநெருக்கடியில் உதவி ஆசிரியர் வெட்டியதாக இருக்கலாம், போலீஸ் அறிக்கையின் வாசகமே அப்படியே அச்சேறியிருக்கலாம்.