உங்களுக்குத் தெரியுமா? – பக்கத்து சீட்டுக்காரரும் பாதி வெளிச்சமும்

● லேப்டாப் திரையில் மாட்டும் பிரைவசி ஃபில்டர் வெறும் கறுப்புத் தாள் இல்லை. அலுவலக ஜன்னல்களில் செங்குத்தாகப் பட்டை பட்டையாகத் தொங்கும் திரையைப் பார்த்திருப்பீர்கள். அதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கி, அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குள் புதைத்ததுதான் இந்த ஃபில்டர். நேராகப் பார்த்தால் பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் வருகிறது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் பட்டையே மறைக்கிறது. பெட்டியில் ‘60 டிகிரி’ என்று போட்டிருந்தால் இடப்புறம் 30, வலப்புறம் 30 என்று பொருள். ஒரு பக்கத்துக்கே 60 என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

● பட்டைகள் செங்குத்தாக நிற்பதால் ஃபில்டர் தடுப்பது பக்கவாட்டுப் பார்வையை மட்டும்தான். ரயில் சேர் காரில் உங்கள் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய 45 டிகிரியில் பார்க்கிறார், அவருக்குக் கறுப்புத்தான். ஆனால் உங்கள் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவருக்கு, அவர் உங்களுக்கு நேர் பின்னால் நிற்கும்வரை, எல்லாம் தெரியும். பின் சீட்டிலிருந்து இரண்டு சீட்டுகளின் இடுக்கு வழியே பார்ப்பவருக்கு மங்கலாகத் தெரியும். பணம் கொடுத்து வாங்குமுன், உங்களை எட்டிப் பார்ப்பவர் எங்கே இருப்பார் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

● நேராகப் பார்ப்பவருக்கும் முழு வெளிச்சம் வராது. பட்டைகளுக்கும் தடிமன் உண்டு, பிளாஸ்டிக்கும் கொஞ்சம் விழுங்கும். சாதாரண ஃபில்டரில் திரை தரும் ஒளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. திரையின் பிரகாசத்தை ‘நிட்’ என்ற அலகில் சொல்வார்கள். விலை மலிவான பல லேப்டாப்கள் 250 நிட் தருபவை. அதன்மேல் 65 சதவீதம் ஒளி விடும் ஃபில்டரைப் போட்டால் மிஞ்சுவது 160 சொச்சம். வீட்டுக்குள், டியூப் லைட்டில் இது போதும். ஜன்னலோர சீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போதாது. 400 நிட் திரையிலோ ஃபில்டர் போட்ட பிறகும் 260 இருக்கும். அதாவது ஃபில்டர் இல்லாத மலிவுத் திரையைவிடச் சற்றே அதிகம். எனவே ஃபில்டரின் தரத்தைப் பார்க்குமுன் லேப்டாப்பின் நிட் கணக்கைப் பாருங்கள். 250 நிட் திரைக்கு, எவ்வளவு உயர்ந்த ஃபில்டரானாலும், வெயிலில் வேலை இல்லை.

● இந்த இழப்பு பேட்டரியிலும் எதிரொலிக்கும். ஒரு கணக்கு: 50 வாட்-மணி பேட்டரி, மொத்தம் 7 வாட் இழுக்கும் லேப்டாப், அதில் 2 வாட் திரையின் பின்விளக்குக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஃபில்டர் போட்டுவிட்டு, பழைய வெளிச்சமே வேண்டும் என்று பிரைட்னஸை ஏற்றினால், பின்விளக்கு மட்டும் 3.1 வாட் கேட்கும். ஓடும் நேரம் ஆறே கால் மணிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு மணி நேரம் ஃபில்டருக்குப் போய்விட்டது!

● “நடுவில் நன்றாகத் தெரிகிறது, ஓரங்கள் மட்டும் இருட்டாக இருக்கின்றன, பழுதான ஃபில்டர்” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பழுது இல்லை. ஃபில்டர் 30 டிகிரிவரை முழு வெளிச்சம் தந்துவிட்டுச் சட்டென்று அணைவதில்லை. நடுக்கோட்டைவிட்டு விலக விலகக் குறைந்துகொண்டே வரும். 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 345 மில்லிமீட்டர். அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் அதன் ஓரங்களை நீங்களே 19 டிகிரி சாய்வில் பார்க்கிறீர்கள். பட்டைகளின் கணக்குப்படி அங்கே, நடுவில் இருக்கும் வெளிச்சத்தில் பாதிகூட இருக்காது. முகத்தை 20 சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்தால் ஓரம் பாதியளவு வெளிச்சத்துக்குத் தேறிவிடும். விமானத்தின் குட்டி மேஜையில் அதற்கு இடம் ஏது என்று கேட்டால், நியாயம்தான். அதனால்தான் பயணத்தில் பிரைவசி ஃபில்டருக்கு 13, 14 அங்குலத் திரையே தோது.

● அளவு பார்த்து வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ‘14 அங்குலம்’ என்பது மூலைக்கு மூலை நீளம். 16:9 திரையானால் அது 310-க்கு 174 மில்லிமீட்டர். இப்போது பரவலாகிவிட்ட 16:10 திரையானால் 302-க்கு 188. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்று மற்றதில் பொருந்தாது. ஸ்கேலை எடுத்து, சட்டத்தை விட்டுவிட்டு, ஒளிரும் பகுதியை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மேல் சட்டத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒளி உணரும் சென்சார் இருந்தால் ஃபில்டர் அதை மூடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடினால் வெளியே இருட்டு என்று எண்ணிக்கொண்டு லேப்டாப் தானே பிரைட்னஸைக் குறைத்துவிடும். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு போன இடத்தில் இது வேறு.

● ஃபில்டர் எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். லேப்டாப்பின் தானியங்கி பிரைட்னஸை அணைத்துவிட்டு, திரை முழுக்க வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். போன் கேமராவை ‘புரோ’ முறைக்கு மாற்றி, ஐஎஸ்ஓ எண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி, திரையின் நடுவை நேராகக் குறிபார்த்து, வெளிச்சமானி பூஜ்யம் காட்டும்வரை ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் 1/200, ஃபில்டரோடு 1/125 என்று வந்தால், 125-ஐ 200-ஆல் வகுத்தால் கிடைக்கும் 62 சதவீதம்தான் உங்களுக்கு வரும் ஒளி. ‘லக்ஸ் மீட்டர்’ செயலியைத் திறந்து போனைத் திரைமேல் ஒட்டிவைத்து அளக்க வேண்டாம். அந்த சென்சார் எல்லாப் பக்கத்து ஒளியையும் வாங்குவது. பக்கவாட்டு ஒளியை வெட்டுவதே ஃபில்டரின் தொழில். இழப்பு இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டும்.

● பளபளப்பான பக்கமா, மங்கல் பக்கமா? பெரும்பாலான லேப்டாப் ஃபில்டர்களை இரு பக்கமும் திருப்பி மாட்டலாம். மங்கல் பக்கம் வெளியே இருந்தால் மேலே எரியும் விளக்கின் பிம்பம் கலைந்துவிடும். எழுத்தின் கூர்மை ஒரு துளி குறையும். ரயிலில் நான் மங்கல் பக்கம்.

● போனுக்கு ஒட்டும் ‘பிரைவசி’ டெம்பர்டு கிளாஸில் நிலைமை சற்று வேறு. போனை நிமிர்த்திப் பிடித்தால் பக்கத்தவருக்குத் தெரியாது. படம் பார்க்கப் படுக்கவைத்தால் பட்டைகளும் சேர்ந்து படுத்துவிடும், பக்கத்தவரும் சேர்ந்து படம் பார்ப்பார். நான்கு பக்கமும் மறைக்கும் வகையும் விற்கிறார்கள். அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பட்டைகள் இருந்தால், ஒவ்வோர் அடுக்கும் 65 சதவீதம் விட்டாலும் கடைசியில் வருவது 42 சதவீதம்தான். மேலும், திரைக்கு அடியில் கைரேகை சென்சார் உள்ள போன்களில் இந்தக் கண்ணாடி ஒட்டிய பிறகு விரலை அடையாளம் காண மறுப்பது சகஜம். ஒட்டியவுடன் கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

● இரவு ரயிலில் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் உங்கள் திரை தெரியுமோ என்று கவலை வேண்டாம். அந்தத் திசைக்குப் போகும் ஒளியை ஃபில்டர் வெட்டிவிடும். காபிக் கடையில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிச் சுவர்தான் ஆபத்து. அது திரைக்கு நேர் எதிரே இருக்கிறது.